உப்பு படிந்தது, ஈதர் வரவில்லை: வில்லியம்சன் முறையில் எந்தப் பக்கம் ஆல்காக்சைடு, எந்தப் பக்கம் ஹாலைடு?

ஆல்காக்சைடையும் ஆல்கைல் ஹாலைடையும் சேர்த்து ஈதர் செய்வது, பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் அலெக்சாண்டர் வில்லியம்சன் 1850-ல் பொட்டாசியம் எத்தாக்சைடுடன் எத்தில் அயோடைடைச் சேர்த்தார். ஆல்கஹாலுக்குள் இன்னொரு எத்தில் தொகுதியை நுழைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கிடைத்ததோ சாதாரண ஈதர். மெத்தில் அயோடைடை வைத்தும் செய்து, இரு பக்கமும் வேறு வேறு தொகுதிகள் உள்ள கலப்பு ஈதரைப் பெற்றார். எத்தில் மெத்தில் ஈதர் போன்ற சின்ன மூலக்கூறில் எது ஆல்காக்சைடு, எது ஹாலைடு என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. எப்படிச் சேர்த்தாலும் ஈதர் வரும். நாம் முதலில் படிக்கும் எடுத்துக்காட்டு இதுவாக இருப்பதால், எந்தப் பக்கம் எதை வைத்தாலும் சரிதான் என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. கிளைகள் நிறைந்த, நெருக்கமான ஈதருக்கு வரும்போது அந்த எண்ணம்தான் காலை வாருகிறது.

குடுவையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே இங்கே காரணத்தைத் தேடலாம்.

அறிகுறி: வெள்ளை உப்பு நிறையப் படிந்தது, ஆனால் பிரித்தெடுத்தால் கையில் எதுவும் இல்லை

அதிகம் ஏமாற்றும் அறிகுறி இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். படிப்புக் காலத்தில் டெர்ட்-பியூட்டைல் எத்தில் ஈதர் செய்வதற்காக சோடியம் எத்தாக்சைடில் டெர்ட்-பியூட்டைல் புரோமைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சில நிமிடங்களிலேயே சோடியம் புரோமைடு பால் போலப் படிந்தது. வினை பிரமாதமாக நடக்கிறது என்று நினைத்தேன். கழுவி, உலர்த்தி, வடித்தபோது எத்தனாலைத் தவிர ஒன்றும் வரவில்லை. வடிகட்டிய உப்பின் எடையைப் பார்த்தால் வினை முழுமையாகவே முடிந்திருந்தது.

உப்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: புரோமைடு வெளியேறிவிட்டது. அது எப்படி வெளியேறியது என்பதை உப்பு சொல்லாது. ஆல்காக்சைடு பின்பக்கமாக வந்து கார்பனைத் தாக்கினாலும் புரோமைடு வெளியேறும். பக்கத்துக் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கினாலும் வெளியேறும். முதலாவது பதிலீடு, அதில் ஈதர் வரும். இரண்டாவது நீக்கல் வினை, அதில் ஆல்கீன் வரும். நான் செய்ததில் நடந்தது கீழே முதல் வரியில் உள்ளது. நான் செய்திருக்க வேண்டியது இரண்டாவது வரி.

```
CH3CH2ONa + (CH3)3CBr → (CH3)2C=CH2 + CH3CH2OH + NaBr
(CH3)3COK + CH3CH2Br → (CH3)3C-O-CH2CH3 + KBr
```

ஐசோபியூட்டீன் சுமார் −7 டிகிரியிலேயே கொதித்துவிடும் வாயு. அதனால் அது குடுவையில் தங்காமல் ஆவிச் சுருக்கி வழியாகவே போய்விட்டது. புரோமின் ஒட்டியிருந்த கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் நிற்கும்போது, எத்தாக்சைடு பின்பக்கமாக நுழைய வழியே இல்லை. ஆனால் வெளிப்புறத்தில் 9 ஹைட்ரஜன்கள் எளிதாகக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆல்காக்சைடு வலுவான காரம், எது எட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும்.

உங்களுக்கும் இதுதான் நடந்ததா என்று உறுதி செய்ய வேண்டுமா? வினை நடக்கும்போது வெளியேறும் வாயுவை நீர்த்த புரோமின் கரைசல் வழியாக ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். நிறம் மறைந்தால் ஆல்கீன். ஆவியாகாத கனமான ஆல்கீன் என்றால் என்.எம்.ஆரில் 4.6 முதல் 5.8 பி.பி.எம். வரையிலான பகுதியில் புதுச் சமிக்ஞைகள் தலைகாட்டும்.

ஹாலஜன் ஒட்டிய கார்பனில் மூன்று கார்பன் கிளைகள் உள்ள மூவிணைய ஹாலைடு என்றால் சூட்டைக் குறைப்பதாலோ, மெதுவாகச் சேர்ப்பதாலோ, கரைப்பானை மாற்றுவதாலோ இதைச் சரிசெய்ய முடியாது. பங்காளிகளை இடம் மாற்றுவதுதான் வழி. ஈதரின் ஆக்சிஜனுக்கு இரு பக்கமும் உள்ள கார்பன்களைப் பாருங்கள். கிளை அதிகம் உள்ள கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தே, ஆல்காக்சைடாக வரட்டும். கிளை இல்லாத கார்பன் ஹாலைடாக வரட்டும். ஆல்காக்சைடின் பக்கம் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு உடைவதே இல்லை, அதனால் அங்கே நெரிசல் இருப்பது அவ்வளவாக உறுத்தாது. ஹாலைடின் பக்கம்தான் ஒரு கார்பனுக்குள் புதிதாக ஒருவர் நுழைய வேண்டியிருக்கிறது.

இரண்டு கிளைகள் உள்ள ஈரிணைய ஹாலைடும் நம்பத்தக்கதல்ல. ஐசோபுரோப்பைல் புரோமைடை 55 டிகிரியில் எத்தனாலில் சோடியம் எத்தாக்சைடுடன் சேர்த்தால், 5-ல் ஏறத்தாழ 4 பங்கு புரோப்பீனாகப் போய்விடும். ஒரு பங்குதான் ஈதர். வேறு வழி இருக்கும்போது அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அறிகுறி: பங்காளியை மாற்றியும் ஆல்கீன்தான் வருகிறது

மேலே சொன்ன விதியை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பருமனான ஆல்காக்சைடு, கிளையில்லாத ஹாலைடு, எல்லாம் விதிப்படிதான். ஆனாலும் ஆல்கீன் வருகிறது.

காரணம், டெர்ட்-பியூட்டாக்சைடு பருமனாக இருப்பதால் கார்பனை அணுகுவதைவிட ஹைட்ரஜனை எடுப்பது அதற்கு எளிது. பல பாடப்புத்தகங்களில் உள்ள ஒரு ஒப்பீடு இதை நன்றாகக் காட்டும். 18 கார்பன் நேர்ச்சங்கிலி புரோமைடை, அதாவது 1-புரோமோஆக்டாடெக்கேனை, மெத்தனாலில் மெத்தாக்சைடுடன் வினைப்படுத்தினால் 99 சதவீதம் ஈதர். அதே புரோமைடை டெர்ட்-பியூட்டைல் ஆல்கஹாலில் பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடுடன் வினைப்படுத்தினால் 85 சதவீதம் ஆல்கீன், 15 சதவீதம்தான் ஈதர். ஹாலைடு ஓரிணையம்தான், கிளை எதுவும் இல்லை. முக்கியமாக மாறியது ஆல்காக்சைடுதான்.

எனவே விதியின் இரண்டாம் பாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆல்காக்சைடு பருமனாக இருந்தால், ஹாலைடு கிளையில்லாமல் இருப்பது மட்டும் போதாது. பிடுங்குவதற்குப் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜனே இல்லாத ஹாலைடாக இருந்தால்தான் நிம்மதி. மெத்தில் அயோடைடு, பென்சைல் புரோமைடு இரண்டும் அப்படிப்பட்டவை. மெத்தில் அயோடைடில் பக்கத்துக் கார்பனே கிடையாது. பென்சைல் புரோமைடில் பக்கத்துக் கார்பன் பென்சீன் வளையத்தைச் சேர்ந்தது, அதில் எடுக்க ஹைட்ரஜன் இல்லை. மேலும் வளையத்தை ஒட்டிய கார்பனில் பதிலீடு விரைவாகவே நடக்கும். டெர்ட்-பியூட்டைல் மெத்தில் ஈதர், டெர்ட்-பியூட்டைல் பென்சைல் ஈதர் இரண்டுக்கும் பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு வழி நன்றாக வேலை செய்யும்.

எட்டு கார்பன் நேர்ச்சங்கிலியில் டெர்ட்-பியூட்டைல் ஈதர் வேண்டுமா? அங்கே வில்லியம்சன் முறையையே விட்டுவிடுங்கள். ஆக்டனாலை அமில வினையூக்கியோடு ஐசோபியூட்டீனில் சேர்ப்பது நேர்வழி. தொழிற்சாலைகளில் பெட்ரோலில் கலக்கும் டெர்ட்-பியூட்டைல் மெத்தில் ஈதரை மெத்தனாலும் ஐசோபியூட்டீனும் அமிலப் பிசின்மீது சேர்த்துத்தான் செய்கிறார்கள். முன்பு நம் வினையைக் கெடுத்த ஐசோபியூட்டீனே இங்கே மூலப்பொருள். சிறு அளவில், ஆய்வகத்தில் வாயுவோடு அல்லாட விரும்பாதவர்கள் டெர்ட்-பியூட்டைல் ட்ரைகுளோரோஅசிட்டிமிடேட்டைப் பயன்படுத்தலாம். இரு பக்கமும் மூவிணையம் என்றால், டை-டெர்ட்-பியூட்டைல் ஈதர் போல, எந்தப் பங்காளியைத் திருப்பினாலும் ஹாலைடு மூவிணையமாகத்தான் இருக்கும். அதற்கு இந்த முறையில் இடமில்லை.

ஒரு முழுக் கணக்கு: மெந்தைல் பென்சைல் ஈதர்

இனி வரும் அறிகுறிகளைப் புரிந்துகொள்ள ஓர் உருப்படியான எடுத்துக்காட்டு தேவை. புதினா எண்ணெயில் இருக்கும் மெந்தாலை எடுத்துக்கொள்கிறேன். அது ஈரிணைய ஆல்கஹால். ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பக்கத்திலேயே ஓர் ஐசோபுரோப்பைல் தொகுதி நெருக்கிக்கொண்டு நிற்கிறது.

தாளில் இரண்டு வழி எழுதலாம். ஒன்று, பென்சைல் ஆல்கஹாலின் ஆல்காக்சைடும் மெந்தைல் குளோரைடும். இன்னொன்று, மெந்தாலின் ஆல்காக்சைடும் பென்சைல் புரோமைடும். முதல் வழியில் நெரிசல் மட்டும் பிரச்சினையல்ல. மெந்தைல் குளோரைடை வலுவான ஆல்காக்சைடோடு சூடாக்கினால் கிடைப்பது 2-மெந்தீன் என்ற ஆல்கீன். நீக்கல் வினையைப் பற்றிப் படிக்கும் எல்லோரும் சந்திக்கும் பழைய சோதனை அது. தப்பித்தவறி பதிலீடு நடந்தாலும் ஆக்சிஜன் பின்பக்கமாகத்தான் சேரும். அப்போது அந்தக் கார்பனின் வடிவம் தலைகீழாகி, கிடைப்பது நியோமெந்தாலின் ஈதர். நமக்கு வேண்டிய பொருளே அல்ல. இரண்டாம் வழியில் மெந்தாலின் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பைத் தொடவே இல்லை, வடிவம் அப்படியே இருக்கும். கைராலிட்டி உள்ள கார்பன் ஒரு பக்கம் இருந்தால், நெரிசலைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள்.

அளவுகள்: மெந்தால் 1.56 கிராம், அதாவது 10 மில்லிமோல். கனிம எண்ணெயில் 60 சதவீதமாக வரும் சோடியம் ஹைட்ரைடு 520 மில்லிகிராம், அதாவது 13 மில்லிமோல். பென்சைல் புரோமைடு 2.05 கிராம், ஏறத்தாழ 1.4 மில்லிலிட்டர், 12 மில்லிமோல். டெட்ராபியூட்டைல்அம்மோனியம் அயோடைடு 185 மில்லிகிராம், அதாவது 0.5 மில்லிமோல். கரைப்பானாக உலர்ந்த டி.எச்.எஃப். 20 மில்லிலிட்டர்.

நைட்ரஜன் சூழலில், டி.எச்.எஃப்.-ல் மிதக்கும் ஹைட்ரைடில் மெந்தால் கரைசலை 0 டிகிரியில் மெதுவாக விட வேண்டும். குமிழ்கள் தணிந்ததும் ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்க விட்டு, ஆறவைத்து, அயோடைடு உப்பையும் பென்சைல் புரோமைடையும் சேர்த்து இரவு முழுவதும் கலக்கவும். வெளியேறும் ஹைட்ரஜனுக்கு வழி இருக்க வேண்டும், மூடிய குடுவையில் இதைச் செய்யவே கூடாது. பென்சைல் புரோமைடு கண்ணை எரிக்கும், புகைப்போக்கிக்குள்ளேயே அளந்துகொள்ளுங்கள். இன்னொன்றும் அழுத்திச் சொல்ல வேண்டும். சோடியம் ஹைட்ரைடை டி.எம்.எஃப்.-ல் போட்டுச் சூடாக்காதீர்கள். இரண்டும் தங்களுக்குள் வினைபுரிந்து சூடு கட்டுக்கடங்காமல் ஏறிய விபத்துகள் பதிவாகியிருக்கின்றன.

அறிகுறி: மறுநாள் பார்த்தால் மெந்தால் அப்படியே இருக்கிறது

முதலில் ஆல்காக்சைடு உருவானதா என்று கேளுங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், வாயுவின் அளவு போதும். 10 மில்லிமோல் மெந்தால் முழுவதும் வினைபுரிந்தால் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் வர வேண்டும். நீரில் கவிழ்த்த அளவுக் குழாயில் பிடித்துப் பாருங்கள். ஆனால் அந்தக் குழாய் குளிரும் குடுவைக்குள் தண்ணீரை இழுத்துவிடாதபடி நடுவில் ஒரு காலிக் குடுவையை வையுங்கள். 100 மில்லிலிட்டரோடு நின்றுவிட்டால் ஹைட்ரைடு பழையது. நல்ல ஹைட்ரைடு சாம்பல் நிறப் பொடியாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். திறந்து திறந்து வைத்த டப்பாவில் வெள்ளைக் கட்டிகள் இருந்தால் அது பெரும்பாலும் ஹைட்ராக்சைடாக மாறிவிட்டது. அளவைக் கூட்டிப் போடுவது தீர்வல்ல, ஏன் என்பது அடுத்த அறிகுறியில் வரும். புது டப்பாவை எடுங்கள்.

ஹைட்ரைடுக்குப் பதில் பொட்டாசியம் கார்பனேட்டும் அசிட்டோனும் போட்டவர்களுக்கும் இதே அறிகுறி வரும். அது ஃபீனாலுக்கான செய்முறை. ஃபீனாலின் பி.கே.ஏ. ஏறத்தாழ 10, கார்பனேட்டே அதன் புரோட்டானை எடுத்துவிடும். சாதாரண ஆல்கஹாலுக்கு அது ஏறத்தாழ 16 அல்லது அதற்கும் மேல், கார்பனேட்டால் முடியாது. ஃபீனால் பக்கம் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அரைல் ஈதரில் ஆக்சிஜன் எப்போதும் வளையத்தின் பக்கமே இருக்க வேண்டும். புரோமோபென்சீனைப் பின்பக்கமாகத் தாக்க முடியாது, அதனால் அனிசோல் வேண்டுமென்றால் ஃபீனாக்சைடும் மெத்தில் அயோடைடும்தான்.

வாயு சரியாக வந்தது, ஆனாலும் வினை பாதியில் நின்றுவிட்டது என்றால் அது வேறு கதை. டி.எச்.எஃப்.-ல் சோடியம் ஆல்காக்சைடு கொத்துக் கொத்தாகச் சேர்ந்து கிடக்கும், மெந்தால் போன்ற நெருக்கமான ஆல்காக்சைடு இன்னும் மந்தம். அயோடைடு உப்பைச் சேர்க்க மறந்திருந்தால் இப்போதும் சேர்க்கலாம். அது பென்சைல் புரோமைடின் ஒரு பகுதியை இன்னும் விரைவாக வினைபுரியும் அயோடைடாக மாற்றுகிறது, தீர்ந்துபோகாமல் திரும்பத் திரும்ப உதவுகிறது. அப்புறம் மெல்லக் கொதிக்க விடுங்கள். பென்சைல் புரோமைடில் நீக்கல் வினை சாத்தியமில்லை என்பதால் இங்கே சூடாக்கத் தயங்க வேண்டாம். வேறு ஹாலைடாக இருந்தால் இதே அறிவுரையைச் சொல்ல மாட்டேன், சூடு எப்போதும் நீக்கல் வினைக்கே அதிகம் உதவும்.

டி.எல்.சி.யில் பார்க்கும்போது ஒரு கவனம். மெந்தாலுக்குப் புறஊதா ஒளியில் தெரியும் பகுதி எதுவும் இல்லை. விளக்கின் கீழ் புள்ளி இல்லை என்பதால் மெந்தால் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். அனிசால்டிஹைடு கரைசலில் முக்கிச் சூடுகாட்டினால் அது நிறத்தோடு வெளிப்படும்.

அறிகுறி: விளக்கின் கீழ் எதிர்பாராத இரண்டு புள்ளிகள்

இந்தக் குடுவையில் உள்ளவற்றில் புறஊதா ஒளியில் தெரியும் எதற்கும் பென்சீன் வளையம் இருக்க வேண்டும். அந்த வளையம் பென்சைல் புரோமைடிலிருந்து மட்டுமே வர முடியும். அதனால் எதிர்பாராத புள்ளி என்றால் மெந்தால் அல்லாத வேறு எதுவோ பென்சைல் புரோமைடைத் தின்றிருக்கிறது. பெரும்பாலும் அது தண்ணீர்.

ஈரமான டி.எச்.எஃப்.-ல் ஹைட்ரைடு முதலில் நீரோடு வினைபுரிந்து சோடியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. அது பென்சைல் புரோமைடைத் தாக்கிப் பென்சைல் ஆல்கஹாலைத் தருகிறது. அந்த ஆல்கஹாலும் ஆல்காக்சைடாகி இன்னொரு பென்சைல் புரோமைடைப் பிடித்து டைபென்சைல் ஈதர் ஆகிறது. மெந்தாலைவிடப் பென்சைல் ஆல்கஹாலுக்கு நெரிசல் குறைவு, போட்டியில் அதுதான் முந்தும். கீழே நகரும் புள்ளி பென்சைல் ஆல்கஹால், மேலே நம் ஈதருக்கு அருகில் நிற்பது டைபென்சைல் ஈதர்.

எவ்வளவு ஈரம் தாங்கும்? 20 மில்லிலிட்டர் டி.எச்.எஃப்.-ல் 0.1 சதவீதம் நீர் இருந்தால் ஏறத்தாழ 18 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமோல். 13 மில்லிமோல் ஹைட்ரைடில் 1 போனால் 12 மிச்சம், மெந்தாலுக்கு அது போதும். 0.5 சதவீதம் என்றால் 5 மில்லிமோல் போய்விடும், மிச்சம் 8. மெந்தாலில் ஐந்தில் ஒரு பங்கு ஆல்காக்சைடே ஆகாமல் நிற்கும், பென்சைல் புரோமைடும் வீணாகும். இந்த நிலையில் வாயு அளவு மட்டும் உங்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் நீரிலிருந்து வருவதும் ஹைட்ரஜன்தான். பழைய ஹைட்ரைடை அதிகமாகப் போட்டாலும் விளைவு இதேதான், அதில் ஹைட்ராக்சைடு ஏற்கெனவே கலந்திருக்கிறது.

என்.எம்.ஆரில் இவற்றைப் பிரித்தறிவது எளிது, பார்க்க அழகாகவும் இருக்கும். டைபென்சைல் ஈதரின் இரண்டு மெத்திலீன்களும் 4.56 பி.பி.எம். அருகே ஒரே ஒற்றைக் கோடாக நிற்கும். வினைபுரியாத பென்சைல் புரோமைடு 4.5 அருகே இன்னொரு ஒற்றைக் கோடு. நம் ஈதரில் பென்சைல் மெத்திலீனின் இரண்டு ஹைட்ரஜன்களும் ஒன்றுபோல இல்லை. கைராலிட்டி உள்ள மெந்தால் பக்கத்தில் இருப்பதால் அவை 4.65, 4.4 அருகே தனித்தனி இரட்டைக் கோடுகளாகப் பிரியும். மெந்தாலின் ஆக்சிஜன் தாங்கிய கார்பனில் உள்ள ஹைட்ரஜன் 3.4-லிருந்து 3.2-க்கு நகரும். இந்த இரண்டு இரட்டைக் கோடுகள் தெரிந்தால் ஈதர் உருவாகியிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

அறிகுறி: தூய்மைப்படுத்திய பின்னும் பென்சைல் புரோமைடு ஒட்டிக்கொண்டே வருகிறது

சிலிக்கா குழாயில் அதுவும் நம் ஈதரும் அடுத்தடுத்து இறங்குவதால் இது நடக்கிறது. குழாயில் போராடுவதைவிட வினையின் முடிவிலேயே அதைத் தீர்த்துவிடலாம். குடுவையை 0 டிகிரிக்குக் குளிர்வித்து, மிச்சமுள்ள ஹைட்ரைடை மெத்தனால் சொட்டுகளால் அடக்குங்கள். பிறகு 0.5 மில்லிலிட்டர் டைஎத்தில் அமீன் சேர்த்து அரை மணி நேரம் கலக்குங்கள். மிச்சமுள்ள பென்சைல் புரோமைடு மூவிணைய அமீனாக மாறும், நீர்த்த அமிலத்தால் கழுவும்போது நீர்ப் பகுதிக்குப் போய்விடும். கனிம எண்ணெய் எந்த அமிலத்துக்கும் அசையாது. அதை வெறும் ஹெக்சேனால் குழாயிலிருந்து முதலில் இறக்கிவிட்டு, அதன் பிறகு 2 சதவீதம் எத்தில் அசிட்டேட் கலந்து ஈதரை இறக்குங்கள்.